எச்ஐவியின் ஆர்என்ஏ குரோமோசோமில் பதிவது எப்படி: காகிதப் பட்டையில் செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ரெட்ரோவைரஸ் பாடத்தை முடித்த மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "வைரஸ் ஆர்என்ஏவின் இடது முனையில் யு3 என்ற பகுதி கிடையாது. ஆனால் குரோமோசோமில் பதிந்த டிஎன்ஏவின் இடது முனையில் யு3 இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?" பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுவார்கள். "ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறுகிறது, பிறகு குரோமோசோமில் சேர்கிறது" என்ற வரி மனப்பாடமாக இருக்கும். நடுவில் இழை இரண்டு முறை தாவுகிறது என்பதும் தெரியும். ஏன் தாவுகிறது என்பதுதான் தெரியாது.

இந்த வழிகாட்டி எச்ஐவி-1 ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. மற்ற ரெட்ரோவைரஸ்களில் அளவுகளும் ப்ரைமரும் மாறும், படிகளின் வரிசை மாறாது. படித்துக்கொண்டே கையால் செய்து பாருங்கள். கண்ணால் மட்டும் படித்தால் ஆறாவது படியில் குழப்பம் நிச்சயம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீளமான காகிதப் பட்டைகள் மூன்று, சிவப்பு, நீலம், பச்சை பேனாக்கள், கொஞ்சம் ஒட்டும் நாடா. சிவப்பு ஆர்என்ஏவுக்கு. நீலம் முதலில் உருவாகும் டிஎன்ஏ இழைக்கு, அதாவது எதிர் இழைக்கு. பச்சை இரண்டாவதாக உருவாகும் நேர் இழைக்கு. தாளில் படம் வரைவதைவிடப் பட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஓரிடத்தில் அதை வளைக்க வேண்டியிருக்கும்.

மூன்று விதிகள் மனதில் இருக்கட்டும். ஒன்று, புது இழை எப்போதும் 3' முனையில்தான் வளரும். இரண்டு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியால் வெறுமையிலிருந்து தொடங்க முடியாது, பிடித்துக்கொள்ள ஒரு ப்ரைமர் வேண்டும். மூன்று, இணை சேரும் இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில் ஓடும். இங்கே நடப்பதெல்லாம் இந்த மூன்று விதிகளின் விளைவுதான். ஒவ்வொரு படியிலும் இழையின் இரு முனைகளிலும் 5', 3' என்று எழுதிவிடுங்கள். இதைச் சோம்பலில் விட்டவர்கள்தான் பிறகு பச்சை இழையைத் தப்பான திசையில் வளர்ப்பார்கள்.

## 2. முதலில் தொடக்கத்தையும் முடிவையும் பக்கத்தில் வையுங்கள்

வழக்கமாக எல்லோரும் முதல் படியிலிருந்து தொடங்குவார்கள். நான் கடைசிப் படத்தைத்தான் முதலில் வரையச் சொல்வேன். சேர வேண்டிய இடம் தெரிந்தால் சுற்றுவழிக்குக் காரணம் தானே புரியும்.

```
ஆர்என்ஏ:  5'- ஆர்-யு5-பிபிஎஸ்--- காக்-போல்-என்வ் ---பியூரின் பட்டை-யு3-ஆர்-AAAA -3'

டிஎன்ஏ:   யு3-ஆர்-யு5-பிபிஎஸ்--- காக்-போல்-என்வ் ---பியூரின் பட்டை-யு3-ஆர்-யு5
```

காக், போல், என்வ் மூன்றும் வைரஸின் மரபணுக்கள், பிபிஎஸ் என்பது ப்ரைமர் ஒட்டும் இடம். இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிஎன்ஏவில் இடப்பக்கம் ஒரு யு3, வலப்பக்கம் ஒரு யு5 கூடுதலாக இருக்கின்றன. யு3-ஆர்-யு5 என்ற முழுத் தொகுதிக்குத்தான் எல்டிஆர் என்று பெயர். அது இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆர்என்ஏவில் ஏன் குறைந்தது? குரோமோசோமில் இருக்கும் வைரஸ் மரபணுவை ஓம்புயிர் செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸ்தான் படியெடுக்கிறது. அதற்கான தொடக்கக் குறி, அதாவது புரொமோட்டர், இடப்பக்க யு3இல் உள்ளது. படியெடுப்பு அந்தக் குறியைத் தாண்டி ஆர் தொடங்கும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். ஆகவே இடப்பக்க யு3 ஆர்என்ஏவில் வராது. வலப்பக்கம் ஆர் முடிந்ததும் ஆர்என்ஏ வெட்டப்பட்டு பாலி-ஏ வால் சேர்வதால் அங்கே யு5 வராது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த இரண்டு துண்டுகளும் தொலைகின்றன, அடுத்த செல்லில் திரும்ப உருவாக வேண்டும். இரண்டு தாவல்களும் இதற்காகத்தான்.

அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எச்எக்ஸ்பி2 என்ற ஒப்பீட்டு வரிசைப்படி யு3 455 எழுத்துகள், ஆர் 96, யு5 83. மொத்தம் 634. கடைசியில் சரிபார்க்க இவை உதவும்.

## 3. இது எங்கே நடக்கிறது

வைரஸ் செல்லுக்குள் நுழையும்போது ஆர்என்ஏ தனியாக வருவதில்லை. ஒரே மாதிரியான இரண்டு ஆர்என்ஏ இழைகள், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இன்டக்ரேஸ் எல்லாம் கேப்சிட் என்ற கூம்பு வடிவக் கூட்டுக்குள் அடைபட்டு வரும். கூடு உடனே சைட்டோபிளாசத்தில் பிரிந்துவிடும் என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும். எச்ஐவி-1ஐப் பொறுத்தவரை அண்மை ஆண்டுகளின் நுண்ணோக்கிப் படங்கள் வேறு கதை சொல்கின்றன. கூடு முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ உட்கருத் துளை வழியாக உள்ளே போகிறது, டிஎன்ஏ தயாரிப்பின் கடைசிப் பகுதி அங்கேதான் முடிகிறது.

கூடு மூடியிருக்க, டிஎன்ஏவுக்கான கச்சாப் பொருள் எப்படி உள்ளே வரும்? கூட்டின் சுவரில் நுண்துளைகள் உண்டு, அவற்றின் வழியாக டிஎன்டிபி மூலக்கூறுகள் நுழைகின்றன. அந்தக் கச்சாப் பொருள் செல்லினுடையது என்பதை மறக்க வேண்டாம். மேக்ரோஃபேஜ் போன்ற பிரியாத செல்களில் சாம்எச்டி1 என்ற புரதம் டிஎன்டிபியைச் சிதைத்துக் குறைத்துவிடும். அங்கே படியெடுப்பு தவழ்ந்துதான் போகும்.

## 4. ப்ரைமரை ஒட்டி முதல் துண்டைச் செய்யுங்கள்

சிவப்புப் பட்டையில் பிபிஎஸ் என்ற 18 எழுத்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். லைசினைச் சுமக்கும் ஒரு கடத்து ஆர்என்ஏவின் 3' முனை அதன்மீது இணை சேர்கிறது. இது செல்லிலிருந்து எடுத்த பொருள். முந்தைய செல்லிலிருந்து கிளம்பும்போதே வைரஸ் கையோடு கொண்டுவந்துவிடும்.

ப்ரைமர் ஒட்டிய இடம் ஆர்என்ஏவின் இடது முனைக்குப் பக்கம். நீல இழை வளரும் திசையும் இடப்பக்கம்தான். ஆகவே யு5ஐயும் ஆரையும் படியெடுத்த கையோடு ஆர்என்ஏ தீர்ந்துபோகும். யு5இன் 83, ஆரின் 96, யு5க்கும் பிபிஎஸுக்கும் இடையிலுள்ள ஒற்றை எழுத்து ஒன்று, மொத்தம் 180 எழுத்துகள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் எடுக்க வேண்டிய வேலையில் 180இலேயே முட்டி நிற்கிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ப்ரைமரை வலது முனையில், பாலி-ஏ வாலின்மீது ஒட்டுவது. ஆய்வகத்தில் சிடிஎன்ஏ தயாரித்த பழக்கம் இது. அங்கே நாம் போடும் ப்ரைமர் பாலி-ஏவில் ஒட்டும், வைரஸ் அப்படிச் செய்வதில்லை. வால் இந்தக் கதையில் கடைசிவரை படியெடுக்கப்படாமலே இருந்துவிடும்.

## 5. முதல் தாவல்

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்கு இரண்டு வேலைகள் தெரியும். ஒரு பக்கம் டிஎன்ஏ இழையை வளர்க்கும். மறுபக்கம் ஆர்என்ஏஸ் எச் என்ற பகுதி, டிஎன்ஏவோடு இணைந்திருக்கும் ஆர்என்ஏவை மட்டும் அரிக்கும். தனியாக நிற்கும் ஆர்என்ஏவை அது தொடாது.

நீலத் துண்டின்மேல் இருக்கும் சிவப்பு ஆர்-யு5 பகுதியைக் கத்தரித்து எறியுங்கள். இப்போது நீலத் துண்டின் 3' முனையில், ஆருக்கு இணையான 96 எழுத்துகள் துணையில்லாமல் தொங்குகின்றன. சிவப்புப் பட்டையின் வலது முனையில் இன்னொரு ஆர் இருக்கிறதல்லவா? நீல முனையை அங்கே கொண்டுபோய் ஒட்டுங்கள். கடத்து ஆர்என்ஏவும் நீல யு5ம் வலப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் அரிப்பு, அப்புறம் தாவல். அரிக்காமல் நீல முனை விடுபடாது. ஆர்என்ஏஸ் எச் வேலை செய்யாத திரிபு நொதியைக் கொண்டு பார்த்தால் 180 எழுத்துத் துண்டு குவிந்து கிடக்கும், நீண்ட இழை வராது.

தாவல் எந்த ஆர்என்ஏவுக்கு? கூட்டில் இரண்டு இருப்பதால் அதே இழையின் மறுமுனைக்கும் போகலாம், பக்கத்து இழையின் முனைக்கும் போகலாம். இரண்டும் நடக்கும். பின்னால் நீண்ட படியெடுப்பின் நடுவிலும் நொதி ஒரு ஆர்என்ஏவிலிருந்து மற்றதற்கு அடிக்கடி மாறிக்கொள்ளும். இரண்டு ஆர்என்ஏவும் சற்றே வேறுபட்டிருந்தால் கலப்பு வரிசை பிறப்பது இப்படித்தான். இரண்டு ஆர்என்ஏ இருப்பதால் இரண்டு டிஎன்ஏ கிடைக்கும் என்று பலர் கணக்குப் போடுவார்கள். ஒரு கூட்டிலிருந்து குரோமோசோமில் பதியும் டிஎன்ஏ, அதாவது புரோவைரஸ், பொதுவாக ஒன்றுதான் கிடைக்கும்.

## 6. நீண்ட ஓட்டமும் தப்பிப் பிழைக்கும் பட்டையும்

இப்போது நீல இழைக்கு முன்னால் முழுச் சாலையும் திறந்துவிட்டது. வலமிருந்து இடமாக யு3, பியூரின் பட்டை, என்வ், போல், காக் என்று படியெடுத்துக்கொண்டே போய் பிபிஎஸில் முடியும். அதற்கு இடப்பக்கம் இருந்த ஆர்-யு5 ஆர்என்ஏவை ஏற்கெனவே அரித்தாயிற்று என்பதால் பிபிஎஸ்தான் இப்போது சாலையின் முடிவு.

நொதி ஓட ஓடப் பின்னால் சிவப்பு இழை அரிபட்டுக்கொண்டே வரும். ஆனால் ஒரு சிறு பகுதி மட்டும் அரிக்கப்படாமல் தப்பும். அதுதான் பியூரின் பட்டை. ஏயும் ஜியும் மட்டுமே உள்ள 15 எழுத்துகள்.

```
5'-AAAAGAAAAGGGGGG-3'
```

இந்த ஆர்என்ஏ-டிஎன்ஏ ஜோடியின் வடிவம் வழக்கத்துக்கு மாறாக இருப்பதால் ஆர்என்ஏஸ் எச்சால் நடுவில் வெட்ட முடிவதில்லை, சரியாக அதன் வலது ஓரத்தில்தான் வெட்டுகிறது. பச்சை இழைக்கு ப்ரைமர் வேண்டுமே, அது இந்த மிச்சம்தான். எச்ஐவி-1இன் நடுப்பகுதியிலும் இதேபோல ஒரு பட்டை உண்டு, அங்கிருந்தும் பச்சை இழை தொடங்கும். முதல்முறை செய்பவர்கள் அதை விட்டுவிடலாம், படத்தில் சேர்த்தால் குழம்பும்.

இந்த நொதி தப்பைத் திருத்தாது. செல்லுக்குள் அளந்து பார்த்ததில் ஒரு லட்சம் எழுத்துக்கு ஏறத்தாழ 3 பிழைகள். எச்ஐவியின் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று டிஎன்ஏவுக்கு ஒரு பிழை. நீல இழை ஒற்றையாக நிற்கும் இந்த நேரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அப்போபெக்3ஜி என்ற செல் புரதம் கூட்டுக்குள் வந்திருந்தால், நீல இழையின் சி எழுத்துகளை யு ஆக மாற்றிவிடும். பச்சை இழை அதைப் படிக்கும்போது ஜி இருக்க வேண்டிய இடங்களில் ஏ வந்து நிற்கும். வரிசையில் ஜி-க்குப் பதில் ஏ மட்டும் ஏராளமாகத் தெரிந்தால் அது நொதியின் கைத்தவறு அல்ல, இந்தப் புரதத்தின் வேலை. வைரஸின் விஃப் புரதம் இருக்கும்வரை இது பெரும்பாலும் அடக்கப்பட்டிருக்கும்.

## 7. பச்சை இழையும் அந்த 18 எழுத்துகளும்

பியூரின் பட்டையின் 3' முனையிலிருந்து பச்சை இழை வலப்பக்கம் வளர்கிறது. யு3, ஆர், யு5 மூன்றையும் நீல இழையிலிருந்து படியெடுக்கும். முழு எல்டிஆர் முதன்முதலாக உருவாவது இங்கேதான்.

யு5 முடிந்ததும் நிற்காது. நீல இழையின் 5' முனையில் கடத்து ஆர்என்ஏ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பச்சை இழை அதன்மேலும் ஏறி 18 எழுத்துகளைப் படியெடுத்து நிற்கும்.

ஏன் சரியாக 18? கடத்து ஆர்என்ஏவில் மொத்தம் 76 எழுத்துகள். அதில் 58ஆவது எழுத்து மெத்தில் குழு சேர்ந்து மாறிய ஓர் ஏ. அதற்கு இணை வைக்க நொதியால் முடியாது. 76இலிருந்து 59 வரை எண்ணிப் பாருங்கள், 18 வரும். பிபிஎஸின் நீளமும் அதேதான். எனக்கு இந்தப் படலத்திலேயே மிகப் பிடித்த இடம் இது. செல் தன் காரணத்துக்காக ஓர் எழுத்தின்மேல் வைத்த அடையாளத்தை வைரஸ் நிறுத்தக் குறியாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

## 8. இரண்டாவது தாவல்: பட்டையை வளையுங்கள்

கடத்து ஆர்என்ஏ இப்போது பச்சை டிஎன்ஏவோடு இணைந்திருக்கிறது. ஆகவே அது ஆர்என்ஏஸ் எச்சின் கண்ணில் பட்டுவிட்டது. வெட்டு விழுகிறது. எச்ஐவி-1இல் ஒரு சின்ன விசித்திரம், வெட்டு சந்திப்பிலிருந்து ஓர் எழுத்து தள்ளி விழுவதால் நீல இழையின் 5' முனையில் கடத்து ஆர்என்ஏவின் ஓர் ஏ மிஞ்சும். இதை ஓரத்தில் எழுதி வையுங்கள், பத்தாவது படியில் தேவைப்படும்.

கடத்து ஆர்என்ஏ போனதும் பச்சை இழையின் 3' முனையில் பிபிஎஸ் வரிசை தனியாக நிற்கிறது. நீல இழையின் 3' முனையில் அதற்கு இணையான வரிசை நிற்கிறது. ஆனால் முதலாவது வலது கோடியில், இரண்டாவது இடது கோடியில். பட்டையை வளையமாக வளைத்து இரண்டையும் ஒட்டுங்கள். காகிதத்தில் செய்தவர்கள் இங்கே "ஓ" என்பார்கள். தட்டையாகப் படம் வரைந்தவர்கள் பச்சைத் துண்டைப் பிய்த்து இடப்பக்கம் கொண்டுபோவார்கள். அது தேவையில்லை, மூலக்கூறே வளைந்துகொள்ளும்.

இனி இரண்டு 3' முனைகளுமே வளரலாம். பச்சை இழை நீலத்தை வார்ப்புருவாக வைத்து காக் முதல் என்வ் வரை ஓடி மறுகோடியை எட்டும். நீல இழை பச்சைத் துண்டை வார்ப்புருவாக வைத்து யு5, ஆர், யு3 மூன்றையும் தன் முனையில் சேர்த்துக்கொள்ளும். அதற்கு ஏற்கெனவே பச்சையோடு ஒட்டியிருக்கும் தன் சொந்த மறுமுனையையே அது உரித்துத் தள்ள வேண்டும். உரிய உரிய வளையம் திறந்து, முடிவில் நேர்க்கோடான இரட்டை இழை டிஎன்ஏ கிடைக்கும்.

இந்த உரித்தலைப் படத்தில் காட்டாமல் விட்டால் கடைசியில் ஒரே ஓர் எல்டிஆர்தான் மிஞ்சும். இரண்டு எல்டிஆர் வரவில்லை என்று யாராவது புலம்பினால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

## 9. நீளத்தைச் சரிபாருங்கள்

எச்எக்ஸ்பி2 புரோவைரஸின் நீளம் 9,719 எழுத்துகள். கூடுதலாக உருவானவை ஒரு யு3ம் ஒரு யு5ம், அதாவது 455 + 83 = 538. கழித்தால் 9,181. பாலி-ஏ வாலை விட்டுவிட்டால் ஆர்என்ஏவின் நீளம் அவ்வளவுதான். உங்கள் பட்டையில் ஆர் மூன்று வந்தாலோ, இடப்பக்கம் யு3 இல்லாவிட்டாலோ கணக்கு உதைக்கும். முதல் கேள்வியின் விடையும் இதில் இருக்கிறது. இடப்பக்க யு3 வந்தது வலப்பக்க யு3இலிருந்து, இரண்டாவது தாவலின் மூலம். வலப்பக்க யு5 வந்தது இடப்பக்க யு5இலிருந்து, முதல் தாவலின் மூலம்.

இதன் விளைவு ஒன்று. இரண்டு எல்டிஆரின் யு3ம் ஒரே அச்சில் வார்த்தவை. வலப்பக்க யு3இல் ஒரு பகுதியை நீக்கிவிட்டால் அடுத்த செல்லில் இரண்டு பக்கமும் அந்தக் குறை இருக்கும். மரபணுச் சிகிச்சைக்கான வைரஸ் ஊர்திகளில் புரொமோட்டரைச் செயலிழக்கச் செய்வது இந்த வழியில்தான்.

## 10. முனைகளைச் செதுக்குதல்

இனி இன்டக்ரேஸின் முறை. அது இரண்டு எல்டிஆர் முனைகளையும் பிடித்துப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒவ்வொரு முனையிலும் 3' பக்கத்திலிருந்து இரண்டு எழுத்துகளை வெட்டுகிறது.

```
இடது முனை               வலது முனை
5'-ACTGGAAG...          ...CTAGCAGT-3'
3'-TGACCTTC...          ...GATCGTCA-5'

செதுக்கிய பின்
5'-ACTGGAAG...          ...CTAGCA-3'
3'-  ACCTTC...          ...GATCGTCA-5'
```

இரண்டு முனையிலும் போவது GT, மிஞ்சுவது CA. வலது முனையின் கடைசி T எங்கிருந்து வந்தது? எட்டாவது படியில் மிஞ்சிய அந்த ஒற்றை ஏவுக்கு இணை அது. 9,719 என்ற கணக்கில் இரு முனையின் இந்தக் கூடுதல் எழுத்துகளும் சேரவில்லை, ஏனென்றால் அவை குரோமோசோமில் தங்குவதில்லை.

செதுக்குவது எதற்கு? CA முடிவில் இருக்கும் 3' ஹைட்ராக்சில் குழுதான் அடுத்த படியில் தாக்கும் ஆயுதம். அது சரியான எழுத்தில் வெளிப்பட்டாக வேண்டும். பியூரின் பட்டையின் வெட்டு ஓரிரு எழுத்து தள்ளி விழுந்தால் முனை வரிசை மாறிப்போய் இன்டக்ரேஸ் தடுமாறும். ஆறாவது படியில் நடந்த பிழைக்கு இங்கேதான் தண்டனை கிடைக்கும்.

## 11. குரோமோசோமில் ஒட்டுதல்

செதுக்கிய முனைகள் ஓம்புயிர் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் ஒரே சமயத்தில் தாக்கும். ஆனால் நேரெதிரே அல்ல, 5 எழுத்து இடைவெளி விட்டு. இந்த இடைவெளிதான் எல்லோரும் மறப்பது. ஒரு கற்பனை வரிசையில் செய்து பார்ப்போம்.

```
தாக்குவதற்கு முன்
5'-GGAT CTTAG CCGA-3'
3'-CCTA GAATC GGCT-5'

இணைந்தவுடன்
5'-GGAT       TGGAAG...CTAGCA CTTAG CCGA-3'
3'-CCTA GAATC ACCTTC...GATCGT       GGCT-5'
```

வைரஸின் 3' முனைகள் மட்டுமே ஓம்புயிர் டிஎன்ஏவோடு சேர்ந்திருக்கின்றன. மேல் இழையில் இடப்பக்கமும் கீழ் இழையில் வலப்பக்கமும் 5 எழுத்துப் பள்ளம் இருக்கிறது. அதோடு வைரஸின் 5' முனைகளில் இணையில்லாத இரண்டு எழுத்துகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், படத்தில் அவற்றைக் காட்டவில்லை. நீட்டலை நறுக்கி, பள்ளத்தை நிரப்பி, இழையைத் தைத்து முடிப்பது செல்லின் சொந்தப் பழுதுநீக்கும் நொதிகள். இன்டக்ரேஸ் அதைச் செய்வதில்லை.

```
5'-GGAT CTTAG TGGAAG...CTAGCA CTTAG CCGA-3'
```

பள்ளம் நிரம்பியதும் CTTAG இரண்டு பக்கமும் வந்துவிட்டது. பதிந்த வைரஸின் இருபுறமும் 5 எழுத்து இரட்டிப்பு இருப்பது எச்ஐவியின் கைநாட்டு. எலி லுகேமியா வைரஸில் இது 4 எழுத்து. வரிசை பார்க்கும்போது இரட்டிப்பு இல்லையென்றால் அந்த டிஎன்ஏ இன்டக்ரேஸ் வழியாகப் பதிந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

இடம் எப்படி முடிவாகிறது? குறிப்பிட்ட வரிசை தேவையில்லை, ஆனால் கண்மூடித்தனமும் அல்ல. இன்டக்ரேஸை லெட்ஜெஃப் என்ற செல் புரதம் பிடித்து, மும்முரமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களின் உட்பகுதிக்கு இழுத்துப்போகிறது. ஆகவே எச்ஐவி மரபணுக்களின் நடுவில் அதிகம் கிடைக்கும், எலி லுகேமியா வைரஸ் மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் அதிகம் கிடைக்கும்.

## 12. எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிப்பது

ஆய்வகத்தில் இதைப் பிசிஆர் மூலம் பார்க்கிறோம். நான்கு இலக்குகள் போதும். ஆர்-யு5 பகுதி, முதல் துண்டு உருவாயிற்றா என்று சொல்லும். யு5இலிருந்து பிபிஎஸைத் தாண்டி காக் வரையிலான பகுதி, இரண்டாவது தாவல் முடிந்ததா என்று சொல்லும். இரண்டு எல்டிஆர் வளையம், டிஎன்ஏ உட்கருவை எட்டியதா என்று சொல்லும், ஏனென்றால் பதியாத டிஎன்ஏவின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தைப்பது உட்கருவில் உள்ள பழுதுநீக்கும் நொதிகள். நான்காவது ஆலு-பிசிஆர். மனித மரபணுத் தொகுதியில் ஆலு என்ற வரிசை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருப்பதால், ஒரு ப்ரைமரை ஆலுவிலும் மற்றதை வைரஸிலும் வைத்தால் பதிந்த டிஎன்ஏ மட்டுமே பெருகும்.

ஒரு கணக்கு போடுவோம். புது மருந்து ஒன்றைச் சேர்த்து 24 மணி நேரம் கழித்துப் பார்க்கிறீர்கள். மருந்தில்லாத செல்லோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு இலக்குகளும் மாறவில்லை, இரண்டு எல்டிஆர் வளையம் 5 மடங்கு கூடியிருக்கிறது, ஆலு-பிசிஆர் நூற்றில் மூன்றாகச் சரிந்திருக்கிறது. டிஎன்ஏ முழுதாகத் தயாராகி உட்கருவுக்கும் போய்விட்டது, பதிய மட்டும் முடியவில்லை, வழியில்லாமல் வளையமாகிவிட்டது. ரால்டெக்ராவிர் கொடுத்தால் இதே வடிவம்தான் வரும். அது பதினொன்றாவது படியைத் தடுக்கும் மருந்து. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைத் தடுக்கும் நெவிராபின் கொடுத்திருந்தால் இரண்டாவது இலக்கே சரிந்திருக்கும், மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே போயிருக்கும். இரண்டாவது இலக்கு சரியாக இருந்து, வளையமும் ஆலுவும் சேர்ந்து விழுந்தால் உட்கருவுக்குள் நுழைவதில் சிக்கல்.

வளையம் கூடியதைப் பார்த்து "மருந்து வைரஸை வளர்க்கிறது" என்று எழுதி வந்த மாணவர் ஒருவர் உண்டு. வளையம் முட்டுச்சந்து, அதிலிருந்து குரோமோசோமுக்குப் போக வழியில்லை.

கடைசியாக, என்னையே ஒரு மாதம் அலைக்கழித்த தவறு. ஆய்வக வைரஸைப் பிளாஸ்மிட் டிஎன்ஏவைச் செல்லில் செலுத்தித் தயாரிக்கிறோம். அந்தப் பிளாஸ்மிட் வைரஸ் திரவத்தோடு கலந்து வந்துவிடும். அதிலும் எல்டிஆர் உண்டு, காக் உண்டு. ஆகவே முதல் இரண்டு இலக்குகளும் தொற்றே நடக்காமல் பெருகும். மருந்து கொடுத்தும் எண்ணிக்கை இறங்கவில்லையே என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தேன், குற்றவாளி பிளாஸ்மிட். வைரஸ் திரவத்தை டிஎன்ஏஸ் நொதியால் கழுவுங்கள். அதோடு ஒவ்வொரு முறையும் நெவிராபின் சேர்த்த ஒரு கிணற்றை வையுங்கள். அதில் இரண்டாவது இலக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவும் பிளாஸ்மிட்டின் கணக்கு, மற்ற கிணறுகளிலிருந்து அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.